நேர்காணலுக்கு வரவில்லை என்று எழுதும்போது

விண்ணப்பித்தாயிற்று, தொலைபேசியில் ஒரு சுற்றுப் பேசியும் ஆயிற்று. நேர்காணலுக்கு நாள் குறித்து மின்னஞ்சல் வருகிறது. அதோடு வந்திருக்கும் வேலை விவரக் குறிப்பைப் படித்த பிறகுதான் இது நாம் கேட்ட வேலை இல்லை என்பது புரிகிறது. சில நேரம் வேலை மாறியிருக்காது. இடைப்பட்ட ஒரு மாதத்தில் நம் நிலைமை மாறியிருக்கும். எப்படியானாலும் போக மனமில்லை. ஆனால் நிறுவனம் நல்ல நிறுவனம். நாளைக்கே வேறொரு பொறுப்புக்கு அங்கே போக வேண்டியிருக்கலாம்.

இந்த இடத்தில் பலர் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். இன்னும் பலர், 'சும்மா போய்ப் பார்ப்போமே, பழகின மாதிரி இருக்கும்' என்று போய் உட்காருகிறார்கள். இரண்டுமே கதவைச் சாத்துகிற வேலைதான். எப்படி என்று தெரிந்துகொள்ள, அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு நேர்காணலுக்கு நேரம் குறிப்பது எச்.ஆர். பிரிவில் இருப்பவருக்குச் சுலபமான வேலை இல்லை. துறைத் தலைவரும் தொழிற்சாலை மேலாளரும் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் ஒதுங்க வேண்டும். அதற்காக அவர்களிடம் நாலு முறை கேட்டு, ஒரு முறை தள்ளிப்போய், பிறகு கிடைத்த நேரம் அது. வரவேண்டியவர் சொல்லாமல் வராமல் போனால், அந்த இருவர் முன்னாலும் பதில் சொல்ல வேண்டியவர் எச்.ஆர். பிரிவின் அந்த ஒருவர்தான். நடுத்தர, பெரிய நிறுவனங்கள் இப்போது ஆள்தேர்வுக்கென்றே மென்பொருள் வைத்திருக்கின்றன. அதில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு முடிவு பதிவாகும். 'விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்' என்பது ஒரு பதிவு; 'நேர்காணலுக்கு வரவில்லை' என்பது வேறு பதிவு. ஓராண்டு கழித்து அதே பெயர் மறுபடி வந்தால், புதிதாக வேலைக்குச் சேர்ந்த எச்.ஆர். கூட முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.

போய்ப் பழகிப் பார்ப்பதில் இருக்கும் ஆபத்து இன்னும் மறைவானது. பல பெரிய நிறுவனங்களில் நேர்காணலில் தேர்வாகாதவர் சில மாதங்களுக்கு, பெரும்பாலும் ஆறு மாதம், மறுபடி விண்ணப்பிக்க முடியாது. கூலிங் பீரியட் என்று இதைச் சொல்வார்கள். மனமில்லாமல் போனவர் மனமில்லாமல்தான் பதில் சொல்வார். முடிவு 'தேர்வாகவில்லை' என்று பதிவாகும். மூன்றாவது மாதம் அவர் உண்மையிலேயே விரும்பும் வேலை அங்கே வந்தால், அதைத் தொட முடியாது. நேர்காணலுக்கு முன்பே விலகிக்கொண்டவரைப் பற்றி அங்கே எந்தத் தீர்ப்பும் எழுதப்பட்டிருக்காது.

ஆகவே, வரவில்லை என்று எழுதிவிடுவதே சரி. எப்படி எழுதுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் தரப் பிரிவில் ஏழாண்டு அனுபவம் உள்ள ஒரு பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம். ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். விளம்பரத்தில் இருந்தது சப்ளையர் குவாலிட்டி வேலை. வார்ப்பு, எந்திரக் கடைசல் செய்து கொடுக்கும் பட்டறைகளுக்கு நேரில் போய், பொருள் அங்கிருந்து கிளம்பும் முன்பே குறையைக் கண்டுபிடித்துத் திருத்துகிற வேலை அது. அவருக்கு அதுதான் பிடிக்கும்; கோவை வார்ப்பாலைகளை நன்றாகத் தெரியும். தொலைபேசிச் சுற்றில் பேசியதும் அதைப் பற்றித்தான். மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை மாலை அழைப்பு வந்தது: வியாழன் காலை 11 மணி. கூடவே வந்த ஜே.டி.யில், அதாவது வேலை விவரக் குறிப்பில், வேறு கதை இருந்தது. தொழிற்சாலைக்குள் உற்பத்தி வரிசையில் சோதனை, மூன்று ஷிப்ட், வெளியே போகும் பொருளுக்குக் கடைசி ஆய்வு. சப்ளையர் என்ற சொல் ஒரே ஒரு வரியில் இருந்தது.

உடனே மறுப்பு எழுதிவிடக் கூடாது. பழைய ஜே.டி.யைத் தவறுதலாக இணைத்து அனுப்புவது அன்றாடம் நடப்பதுதான். செவ்வாய் காலை அவர் தொலைபேசியில் கேட்டார்.

"மேடம், விளம்பரத்துல சப்ளையர் குவாலிட்டின்னு இருந்துச்சு. இப்ப வந்திருக்கிற ஜே.டி.யில லைன் இன்ஸ்பெக்‌ஷன்னு இருக்கு. எது சரிங்க?"

"சார், நடுவுல கொஞ்சம் மாத்திட்டாங்க. சப்ளையர் வேலை எல்லாம் புனே டீமுக்குப் போயிருச்சு. நீங்க வாங்க சார், உள்ள வந்தப்புறம் பார்த்துக்கலாம்."

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சொன்னவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லியிருக்க மாட்டார். காலியிடத்தை நிரப்புவது அவர் வேலை. ஆனால் வேலை எங்கே போயிற்று என்பதையும் அவரே சொல்லிவிட்டார். புனேக்குப் போன வேலை, ஒருவர் சேர்ந்தார் என்பதற்காக ஒரகடத்துக்குத் திரும்பாது. நியமனக் கடிதத்தில் எழுதப்படாத எதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து.

இன்னொரு கேள்வியை அவர் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். எதையாவது மாற்றிக் கொடுத்தால் இந்த வேலைக்குப் போவேனா? ஷிப்ட் மட்டும்தான் சிக்கல், அல்லது சம்பளம் மட்டும்தான் சிக்கல் என்றால், எழுத வேண்டியது மறுப்புக் கடிதம் இல்லை. 'பகல் ஷிப்ட் மட்டும் என்றால் வருகிறேன், வாய்ப்பு உண்டா' என்று கேட்கும் கடிதம். பேரம் பேச நினைப்பவர் மறுப்பு எழுதினால், அவர்கள் அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். நம் பொறியாளருக்கு வேலையின் உள்ளடக்கமே பொருந்தவில்லை. திருத்தக் கூடியது எதுவும் அதில் இல்லை. அதனால் விலகுவது என்று முடிவெடுக்கிறார்.

அவர் முதலில் எழுதிப் பார்த்த கடிதம் இப்படி இருந்தது என்று கொள்வோம்:

"மதிப்பிற்குரிய மேடம், தங்கள் மேலான அழைப்புக்கு மிக்க நன்றி. சில தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக வியாழக்கிழமை நேர்காணலில் கலந்துகொள்ள இயலாத நிலையில் இருக்கிறேன் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் மன்னிக்கவும். எதிர்காலத்தில் தகுந்த வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்."

படிக்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு வரக்கூடிய பதில் என்ன? "பரவாயில்லை சார், திங்கட்கிழமை வசதிப்படுமா?" ஏனென்றால் இந்தக் கடிதத்தில் வியாழக்கிழமை முடியாது என்றுதான் இருக்கிறது, வேலையே வேண்டாம் என்று எங்கும் இல்லை. மறுப்புக் கடிதம் தோற்றுவிட்டது என்பதற்கு முதல் அடையாளம் இதுதான். வேறு நாள் கேட்டுப் பதில் வந்தால், நாம் மறுத்தது அவர்களுக்குத் தெரியவே இல்லை. இனி இரண்டாவது முறை மறுக்க வேண்டும். இரண்டாவது மறுப்பு எப்போதுமே முதலாவதைவிடக் கசப்பாக இருக்கும்.

அதைவிடப் பெரிய சேதம் 'குடும்பச் சூழ்நிலை' என்ற காரணத்தில் இருக்கிறது. மனம் நோகாமல் இருக்கட்டும் என்றுதான் அதை எழுதுகிறோம். ஆனால் எச்.ஆர். அதை அப்படியே குறித்துக்கொள்வார்: குடும்பக் காரணம், கோவையை விட்டு வர இயலாது. ஐந்து மாதம் கழித்து உண்மையான சப்ளையர் குவாலிட்டி இடம் ஒன்று காலியாகும்போது, அவர் பழைய பட்டியலைத் திறந்து பார்த்து, இந்தப் பெயரைத் தாண்டிப் போய்விடுவார். பொருந்தாதது அந்த வேலைதான் என்பதை அவரிடம் யாருமே சொல்லவில்லையே. மரியாதைக்காகச் சொன்ன பொய், திறந்து வைக்க நினைத்த கதவையே மூடிவிடுகிறது. உண்மையான காரணத்தை எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது நேர்மைக்காக மட்டும் இல்லை. மறுபடி நம்மைத் தேடி வருவதற்கு அவர்கள் கையில் இருக்கும் ஒரே துப்பு அந்தக் காரணம்தான்.

'தகுந்த வாய்ப்பு இருந்தால்' என்ற கடைசி வரியும் அப்படித்தான் வீணாகிறது. எது தகுந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தரப் பிரிவில் வரும் எல்லா வேலைக்கும் கூப்பிடுவார், அல்லது எதற்கும் கூப்பிட மாட்டார்.

இப்போது இரண்டாவது கடிதம். பெரும்பாலும் இது ஆங்கிலத்தில்தான் போகும். ஆனாலும் முதலில் தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். பழகிப்போன அலுவலகச் சொற்றொடர்களின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. என்ன சொல்ல வருகிறோம் என்பது நமக்கே பளிச்சென்று தெரிந்துவிடும்.

"வணக்கம் மேடம்,

வியாழன் காலை 11 மணி நேர்காணலுக்கு அழைத்ததற்கு நன்றி. இந்த வேலைக்கான என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த நேரத்தை நீங்கள் வேறொருவருக்கு ஒதுக்கிவிடலாம்.

நான் விண்ணப்பித்தபோது இது பெரும்பாலும் சப்ளையர் குவாலிட்டி வேலையாக இருந்தது. இப்போது லைன் இன்ஸ்பெக்‌ஷனாக மாறியிருக்கிறது என்று இன்று காலை தொலைபேசியில் விளக்கினீர்கள். அடுத்த சில ஆண்டுகளுக்குச் சப்ளையர் பக்கத்திலேயே வேலை பார்க்க விரும்புகிறேன். அதனால் இந்த வேலை எனக்குப் பொருந்தாது.

ஒரகடத்திலோ கோவையிலோ வார்ப்பு சப்ளையர்களைக் கவனிக்கும் பொறுப்பு ஏதாவது வந்தால் அவசியம் பேச விரும்புகிறேன். இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதினால் போதும்.

முதல் சுற்றில் நேரம் ஒதுக்கிப் பேசியதற்கும், வேலை மாறியதை வெளிப்படையாகச் சொன்னதற்கும் நன்றி.

அன்புடன்,
(பெயர், கைபேசி எண்)"

அவ்வளவுதான். கைபேசித் திரையில் ஒரு தரம் தள்ளிப் பார்த்தால் முடிந்துவிடும் நீளம். எச்.ஆர். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: வியாழன் 11 மணி காலியா இல்லையா? அதனால் 'விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. 'இயலாத நிலை', 'இப்போதைக்கு', 'முடியுமா என்று தெரியவில்லை' போன்ற சொற்கள் எங்கும் இல்லை. வேறு நாள் குறிக்க இந்தக் கடிதத்தில் இடமே இல்லை.

காரணம் சொல்லும் பத்தியைக் கவனியுங்கள். வேலை முன்னால் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, தனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. மாற்றியது சரியா தவறா என்ற பேச்சு இல்லை. 'விளம்பரத்தில் ஒன்று, கொடுப்பது ஒன்றா' என்று கேட்கத் தோன்றும், நியாயமான கேள்விதான். ஆனால் படிக்கப்போகிறவர் அந்த மாற்றத்தைச் செய்தவர் இல்லை. நிறுவனத்தைப் பற்றி இணையத்தில் படித்த குறைகள், கையில் இருக்கும் இன்னொரு நிறுவனத்தின் அழைப்பு, பேசியவரின் தோரணை இவை எதுவும் இந்தப் பத்தியில் வரக் கூடாது. காரணத்தை நீட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐந்து காரணம் சொன்னால், அதில் இரண்டுக்கு அவர்களிடம் பதில் இருக்கும். அந்தப் பதிலோடு தொலைபேசி வரும். ஒரே காரணம், அதுவும் வேலையின் தன்மையைப் பற்றியது என்றால் மறுத்துப் பேச ஒன்றும் இருக்காது.

மன்னிப்பு எங்கும் கேட்கவில்லை என்பதையும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிட்டவர் எதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, நன்றி போதும். அந்த நன்றியும் பொதுவாக இல்லாமல், நடந்த ஒரு காரியத்தைச் சொல்லி இருப்பது நல்லது. வேலை மாறியதை மழுப்பாமல் சொன்னதற்காக நன்றி வாங்கும் எச்.ஆர். அதிகம் பேர் இல்லை. அது நினைவில் நிற்கும்.

கதவைத் திறந்து வைப்பது மூன்றாவது பத்திதான். எந்த வேலை, எந்த ஊர், எந்த வழியில் தொடர்புகொள்வது என மூன்றையும் சொல்கிறது. இவ்வளவு குறிப்பாகச் சொன்னால் வாய்ப்பு குறைந்துவிடுமே என்று பயப்பட வேண்டியதில்லை. எச்.ஆர். தன் மென்பொருளில் ஆள் தேடுவது சொல்லை வைத்துத்தான். சப்ளையர் குவாலிட்டி, வார்ப்பு, ஒரகடம் என்று எழுதி வைத்தவர் அந்தத் தேடலில் கிடைப்பார். விருப்பம் இல்லாவிட்டால் இந்தப் பத்தியையே விட்டுவிட வேண்டும். போகவே மாட்டேன் என்று முடிவு செய்த இடத்துக்கு 'பேச விரும்புகிறேன்' என்று எழுதினால், ஆறு மாதம் கழித்து இன்னொரு மறுப்புக் கடிதம் எழுத வேண்டி வரும்.

சில நேரம் மாறியது நம் பக்கமாக இருக்கும். இருக்கும் நிறுவனத்திலேயே புதிய பொறுப்பு கிடைத்திருக்கலாம். அப்போது இரண்டாவது பத்தி ஒரே வரிதான்: 'விண்ணப்பித்த பிறகு இங்கேயே என் பொறுப்பு மாறியிருக்கிறது, அதை ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.' பதவியின் பெயர், சம்பள உயர்வு எதுவும் வேண்டாம். மூன்றாவது பத்தியில் காலத்தைச் சொல்லிவிடலாம்: இன்னும் ஓராண்டுக்கு மாறும் எண்ணமில்லை, அதன் பிறகு பேசலாம் என்று. அவர்களுக்கு அது பயனுள்ள செய்தி.

அனுப்பும் முறையிலும் சில சறுக்கல்கள் உண்டு. அழைப்பு வந்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாகவே எழுத வேண்டும். வேலை எண், பழைய பேச்சு எல்லாம் அதில்தான் இருக்கிறது. தலைப்பு வரியை மாற்றினால் ஜிமெயிலில் அது தனிக் கடிதமாகப் பிரிந்துவிடும். தினம் நூறு கடிதம் வரும் இடத்தில் பிரிந்தது தொலைந்தது மாதிரிதான். துறைத் தலைவர்களின் முகவரியும் அழைப்பில் இருந்தால், அவர்களோடு முன்பே பேசியிருந்தாலொழிய, எல்லோருக்கும் பதில் அனுப்ப வேண்டாம். அவர்களுக்குச் சொல்வது எச்.ஆர். வேலை.

காலண்டர் அழைப்பில் Decline பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தகவல் அழைப்பை உருவாக்கியவருக்குத்தான் போகும். அவர் பல நேரம் நேரம் குறித்துக் கொடுக்கும் உதவியாளராக இருப்பார். அந்த நேரம் ஒத்துவரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். கடிதம் முதலில், பொத்தான் பிறகு. நிறுவனத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்திருந்தால் அங்கே Withdraw Application என்று ஒன்று இருக்கலாம். அதை அழுத்தும் முன் ஒரு கணம் யோசியுங்கள். அப்படி விலகிய பிறகு அதே வேலை எண்ணுக்கு மறுபடி விண்ணப்பிக்கச் சில தளங்கள் விடுவதில்லை. வேறு வேலைகளுக்குத் தடை இருக்காது.

எப்போது அனுப்புவது? முடிவெடுத்த அன்றே. நேர்காணலுக்கு முழுதாக ஒரு வேலை நாளாவது இடைவெளி இருந்தால் அந்த நேரத்தில் இன்னொருவரைக் கூப்பிட அவர்களால் முடியும். சில மணி நேரம்தான் இருக்கிறது என்றால் முதலில் தொலைபேசி, பிறகு மின்னஞ்சல். வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், அது அந்த ஒருவரின் கைபேசியோடு போய்விடும். அவர் வேறு நிறுவனத்துக்கு மாறினால் நாம் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

அழைப்பு கன்சல்டன்சி வழியாக வந்திருந்தால் நிலைமை கொஞ்சம் வேறு. ஆள் வேலையில் சேர்ந்தால்தான் பல கன்சல்டன்சிகளுக்குப் பணம். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம், நம் நாட்டில் வெகுகாலமாகப் புழங்கிவரும் கணக்கு. அதனால் நாம் விலகுவது அவருக்கு நேரடி இழப்பு. "சும்மா போய் அட்டெண்ட் பண்ணிட்டு வாங்க சார்" என்று அழுத்தம் கொடுக்கத்தான் செய்வார். அவரைத் தாண்டி நிறுவனத்துக்கு நேராக எழுதுவது முறையில்லை. நம்மை அனுப்பியவர் அவர். கடிதம் அவருக்கே போகட்டும். 'நான் விலகிக்கொண்டதை இன்றே நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்' என்று மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வரி வராவிட்டால் அடுத்த நாள் காலை கேட்டுவிடுங்கள். இடையில் இருப்பவர் சொல்ல மறந்தால், வராமல் போனவர் என்று பதிவாகப்போவது நம் பெயர்தான்.

பதில் பெரும்பாலும் ஒரு வரியில் வரும்: நன்றி, எதிர்காலத்தில் பார்க்கலாம். வராமலும் போகலாம்; அதை வருத்தமாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. தொலைபேசியில் அழைத்து மனதை மாற்றப் பார்த்தால், கடிதத்தில் இருக்கும் அதே காரணத்தை அதே சொற்களில் சொன்னால் போதும். புதிதாக ஒரு காரணத்தைச் சேர்க்கக் கூடாது.

சில மாதம் கழித்து அந்த நிறுவனத்தில் சப்ளையர் குவாலிட்டி இடத்துக்கு விளம்பரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் அழைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பழைய கடிதத்தைத் தேடி எடுத்து, அதற்குக் கீழேயே எழுதலாம்: 'செவ்வாயன்று நான் விலகிக்கொண்டபோது குறிப்பிட்டிருந்த வேலை இதுதான் என்று நினைக்கிறேன். விண்ணப்பித்திருக்கிறேன், பேச முடியுமா?' படிப்பவர் புதிய ஆளாக இருந்தாலும், கீழே தள்ளிப் பார்த்தால் முழுக் கதையும் தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்காமல் செய்ய வேண்டும். மென்பொருளில் கிடப்பது முதல் முறை கொடுத்த விவரக் குறிப்பு. அதில் பழைய சம்பளமும் பழைய நோட்டீஸ் காலமும்தான் இருக்கும். புதிய குறிப்பை இணைத்து, இப்போது நோட்டீஸ் எத்தனை நாள் என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிட்டால், முதல் தொலைபேசியிலேயே வேலையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம்.